அத்தானை அண்ணனாக்கும் வரி: ஆங்கில சப்டைட்டிலில் எப்படிக் கொண்டுவருவது?

கோடைமழை | மார்ச் 4, இரவு 9.50

24 நிமிடக் குறும்படம் ஒன்றுக்கு ஆங்கில சப்டைட்டில் செய்துகொண்டிருக்கிறேன். ஒரே ஒரு வரியில் சிக்கி நிற்கிறேன்.

செல்விக்கும் அவளுடைய அத்தை மகன் முத்துவுக்கும் கல்யாணம் என்பது வீட்டில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட விஷயம். படம் முழுக்க அவனை அவள் "அத்தான்" என்றுதான் கூப்பிடுகிறாள். 11-ஆம் நிமிடத்தில் பெரியவர்கள் கூடி நாள் குறிக்கப் பேசும்போது காபித் தட்டோடு வருகிறாள். முத்துவின் முன்னால் குனிந்து, "காபி எடுத்துக்குங்கண்ணே" என்கிறாள். அவ்வளவுதான். அப்பத்தாவின் முகம், முத்துவின் முகம், அப்பாவின் முகம். மூன்று நொடிக்கு யாரும் பேசவில்லை.

இப்போதைய வரைவில் இப்படி இருக்கிறது:

```
00:11:37,200 --> 00:11:38,600
Have some coffee, brother.
```

தமிழ் தெரியாத ஒரு தோழிக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் தட்டவில்லை. படம் முடிந்ததும், "அவன் அவளுக்கு அண்ணன்தானே, பிறகு ஏன் அவனுக்கே கட்டிவைக்கப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டாள். முன்னால் வரும் இடங்களில் "கசின்" என்று போட்டிருப்பது இன்னும் கெடுக்கிறது. கசினைக் கட்டிக்கொள்ளச் சொல்வதுதான் படத்தின் பிரச்சினை, செல்வி அதை எதிர்க்கிறாள் என்று அவள் புரிந்துகொண்டிருக்கிறாள். செல்விக்கு முறையில் எந்தக் குறையும் இல்லை, அந்த ஆளைப் பிடிக்கவில்லை. படம் அவ்வளவுதான்.

அந்த வரியை மாற்ற வேண்டுமா? "யூ ஆர் லைக் எ பிரதர் டு மீ" என்கிற மாதிரி விரித்து எழுத இயக்குநருக்கு மனசில்லை. எனக்கும் இல்லை.

ஓரக்கண் | மார்ச் 4, இரவு 10.15

மொழிபெயர்க்கவே வேண்டாம். அத்தான், அண்ணா இரண்டையும் ரோமன் எழுத்தில் அப்படியே விடுங்கள். கொரியத் தொடர் பார்க்கிறவர்கள் ஓப்பா, உன்னி எல்லாம் கற்றுக்கொள்ளவில்லையா? "அண்ணா" 2017-லேயே ஆக்ஸ்போர்டு அகராதிக்குள் போய்விட்டது. அது ஆங்கிலச் சொல்தான் இப்போது. நம் உறவுப் பெயர்களை நாமே அங்கிள், ஆன்ட்டி என்று கரைத்துவிட்டால் பிறகு யார் காப்பாற்றுவது?

டப்பிங்பையன் | மார்ச் 4, இரவு 11.02

இந்தத் தலைவலியை நான் தினமும் அனுபவிக்கிறேன். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே "யூ". அதை "நீ" என்பதா, "நீங்க" என்பதா என்பதற்கே ஒரு நாள் போய்விடும். ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவன் மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், தமிழில் "சார்" சேர்க்காவிட்டால் திமிர் பிடித்தவன் போலத் தெரிவான். என் யோசனை: அங்கிள் வந்தால் அவர் அம்மா வழியா அப்பா வழியா என்று கதையைப் பார்த்து முதலிலேயே முடிவு செய்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கோடைமழை | மார்ச் 4, இரவு 11.10

டப்பிங்பையன், நான் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறேன். நீங்கள் எதிர்த்திசையில் வருகிறீர்கள்.

டப்பிங்பையன் | மார்ச் 4, இரவு 11.14

சரி சரி. தலைப்பில் "ஆங்கில சப்டைட்டில்" என்றதும் ஆங்கிலப் படம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். காதல் கதை டப் பண்ணும்போது இருவரும் "நீங்க"வை விட்டு "நீ"க்கு எந்த வரியில் மாறுகிறார்கள் என்பதை நாங்கள்தான் முடிவு செய்கிறோம். மூலத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஒரு பார்வை, கையைப் பிடிப்பது, ஒரு செல்லப் பெயர், இப்படி ஏதோ ஒன்று மாறியிருக்கும். நாங்கள் அதைப் பிடித்துக்கொள்வோம்.

வரிக்குவரி | மார்ச் 5, காலை 6.40

கோடைமழை, உங்கள் சிக்கல் 11-ஆம் நிமிடத்தில் இல்லை. அந்த வரி நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில்தான் வேலை பாக்கி இருக்கிறது.

அந்த "அண்ணே" அறைய வேண்டுமானால் பார்ப்பவருக்கு இரண்டு விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அத்தை மகன் என்பவன் கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன். இரண்டு, அவனை அவள் கூப்பிடும் பெயரிலேயே அந்த முறை இருக்கிறது. நம் ஆட்களுக்கு இரண்டும் பிறந்ததிலிருந்தே தெரியும். சித்தப்பா மகன் அண்ணன், அத்தை மகன் அத்தான். ஆங்கிலத்தில் இருவருமே கசின். அந்தச் சொல்லைப் போட்ட கணத்திலேயே முறை என்கிற சுவர் இடிந்துவிடுகிறது. அதனால் முதல் வேலை, படத்தில் எந்த இடத்திலும் "கசின்" வரக் கூடாது.

முதல் விஷயத்தைச் சொல்ல ஏதாவது வரி இருக்கிறதா? யாராவது முறை பற்றிப் பேசுகிறார்களா? இரண்டாவது விஷயத்துக்கு, காபிக்கு முன்னால் செல்வி "அத்தான்" என்று எந்தெந்த இடத்தில் கூப்பிடுகிறாள், அந்த இடங்களில் என்ன போட்டிருக்கிறீர்கள்? என் ஊகம், எதுவுமே போடவில்லை. விளிச்சொல்தான் முதலில் வெட்டுப்படும். வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி, நொடிக்கு 17-இலிருந்து 20 எழுத்துக்குள் என்றால் "அத்தான், சைக்கிள் சாவி எங்க?" என்பதில் எல்லாரும் சாவியைத்தான் காப்பாற்றுவார்கள். இந்தப் படத்தில் சாவியை விட்டாலும் பரவாயில்லை, அத்தானை விடக் கூடாது.

ஓரக்கண், அகராதியில் இருப்பது உண்மை. அந்த அகராதிப் பதிவைப் போலந்தில் உட்கார்ந்து படம் பார்க்கிறவர் படித்திருக்க மாட்டார். அதைவிடப் பெரிய சிக்கல், ரோமன் எழுத்தில் அது எப்படித் தெரிகிறது என்பது. இதைப் பாருங்கள்:

```
Have some coffee, Anna.
```

தமிழ் தெரியாதவர் இதைப் படித்தால் அறைக்குள் ஆனா என்று ஒரு பெண் இருப்பதாக நினைத்துக்கொண்டு தேடுவார். "அண்ணே"யை எழுதினால் அது ஆன் என்கிற இன்னொரு பெண் பெயர். நான் பார்த்த ஒரு படத்தில் ரவுடிக் கூட்டமே தலைவனை ஆனா, ஆனா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடியது. கொரியச் சொல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது வேறு எந்தப் பெயரோடும் மோதவில்லை.

கோடைமழை | மார்ச் 5, காலை 8.05

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். இப்போதுதான் கோப்பைத் திறந்து பார்த்தேன். அத்தான் வரும் இடங்களில் பாதியில் "முத்து" என்று பெயரைப் போட்டிருக்கிறேன், பாதியில் ஒன்றுமே இல்லை.

முறை பற்றி அப்பத்தா 3-ஆம் நிமிடத்தில் பேசுகிறார்: "முறை மாப்பிள்ளை வீட்டுக்குள்ளயே இருக்கான். வெளிய எதுக்குத் தேடணும்?" அப்புறம் 5-ஆம் நிமிடத்தில் செல்வியின் தம்பி அவளைச் சீண்டுகிறான்: "அத்தான் அத்தான்னே கூப்பிட்டுக் கல்யாணத்தையே முடிச்சிருவ போல!"

வரிக்குவரி | மார்ச் 5, மதியம் 1.20

உங்கள் இயக்குநர் உங்களுக்கு வேண்டியதை எல்லாம் எழுதித் தந்திருக்கிறார்! தம்பியின் சீண்டல் வரி கிடைத்தது பெரிய விஷயம். பெயருக்கும் கல்யாணத்துக்கும் உள்ள தொடர்பை வசனமே சொல்கிறது. நாம் விளக்கம் சேர்க்க வேண்டியதே இல்லை, அதைத் தெளிவாக இறக்கினால் போதும்.

அப்பத்தா 3.8 நொடி எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொண்டால்:

```
00:03:12,000 --> 00:03:15,800
Her aunt's son has first claim on her.
Why look outside the family?
```

66 எழுத்து வருகிறது. நொடிக்கு 17-க்குக் கொஞ்சம் மேல். படிக்க முடியும். அடுத்து தம்பி, 2.9 நொடி:

```
00:05:08,500 --> 00:05:11,400
Keep calling him Athaan
and you'll end up his wife!
```

50 எழுத்து. இங்கே அத்தானை ரோமன் எழுத்திலேயே விடுகிறேன். ஓரக்கண் சொன்னதில் இந்தப் பாதி சரி. இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இடமே இல்லை, படத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, காதிலும் தெளிவாக விழுகிறது. பார்ப்பவர் கற்றுக்கொள்ள ஒரு சொல்தான் கேட்கிறோம், அந்தச் சொல்லையும் தம்பியே கற்றுக்கொடுத்துவிடுகிறான். ஆனால் தம்பியின் வரிக்கு முன்னால் இரண்டு இடத்திலாவது செல்வி "அத்தான்" என்று கூப்பிடுவது சப்டைட்டிலில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அவன் எதைச் சீண்டுகிறான் என்று புரியாது.

காபி வரியை அப்படியே விடுங்கள். அத்தானை ரோமனிலும் பிரதரை ஆங்கிலத்திலும் வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பழக்கத்தில் இருக்கிற சொல் அவருக்கு அந்நியம், பழகிவிட்டார். அடிக்கிற சொல் அவருடைய சொந்த மொழியில் இருக்கட்டும், யோசிக்காமல் விழும்.

ஒரே ஒரு திருத்தம், நேரத்தில். 26 எழுத்துக்கு 1.4 நொடி என்றால் நொடிக்கு 18-க்கு மேல் ஓடுகிறது. அவள் பேசி முடித்த பிறகும் அரை நொடி நிற்கட்டும். ஆனால் அப்பத்தாவின் முகத்துக்கு வெட்டுவதற்கு முன் எழுத்து மறைந்துவிட வேண்டும். அந்த மூன்று நொடியும் திரையில் ஓர் எழுத்தும் இருக்கக் கூடாது. வெட்டைத் தாண்டி எழுத்து நீண்டால் கண் மறுபடியும் கீழே இறங்கி அதே வரியைப் படிக்கும், முகம் போய்விடும்.

ஓரக்கண் | மார்ச் 5, மதியம் 2.45

ஒரே படத்தில் ஒன்றைத் தமிழிலும் இன்னொன்றை ஆங்கிலத்திலும் வைப்பதை ஏற்க முடியவில்லை. அத்தான் தமிழில் இருந்தால் அண்ணனும் தமிழில் இருக்க வேண்டும். ஆனா என்கிற பெயரோடு மோதுகிறது என்றால் "Annan" என்று எழுதுங்கள். தம்பி கற்றுக்கொடுத்ததைப் போல அதையும் ஓரிடத்தில் கற்றுக்கொடுக்கலாமே.

கோடைமழை | மார்ச் 5, மாலை 4.10

கற்றுக்கொடுக்க இடம் இல்லை. படத்தில் வேறு யாருமே யாரையும் அண்ணன் என்று கூப்பிடவில்லை. இயக்குநர் வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார், அந்தச் சொல் முதல்முறையாகக் காபித் தட்டோடு வர வேண்டும் என்று.

மாமரத்துநிழல் | மார்ச் 5, இரவு 8.30

எங்கள் பக்கம் கொங்குநாட்டில் அத்தை மகனை "மாமா" என்றுதான் கூப்பிடுவோம். கட்டிக்கொண்ட பிறகும் மாமாதான். என் கல்யாண வீடியோவை வெளிநாட்டில் இருக்கும் மருமகள் வீட்டாருக்காக என் பையன் எழுத்துப் போட்டுத் தந்தான். நான் என் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற இடத்தில் எல்லாம் "அங்கிள்" என்று வருகிறது. அவர்கள் மரியாதைக்காக ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் என்ன நினைத்திருப்பார்கள்! இதை எப்படிச் சரிசெய்வது?

வரிக்குவரி | மார்ச் 5, இரவு 9.05

அக்கா, அங்கே அவர் பெயரைப் போட்டுவிடுங்கள். அல்லது "டியர்" போதும். குடும்பம் பார்க்கிற வீடியோவில் முறை பெரிய விஷயமில்லை, நீங்கள் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பது தெரிந்தால் சரி. தாய்மாமனை நீங்கள் "மாமா" என்று கூப்பிடும் இடத்தில் மட்டும் அங்கிள் இருக்கட்டும். ஒரே சொல் இரண்டு ஆட்களுக்கு வருகிறபோது ஒவ்வொரு இடத்திலும் திரையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். மொத்தமாகத் தேடி மாற்றச் சொல்லி உங்கள் பையனிடம் சொல்லிவிடாதீர்கள்.

பெயரை எங்கெல்லாம் போடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காதில் "மாமா" என்று கேட்கும், கண்ணில் வேறு பெயர் தெரியும். ஒரே ஓர் அசையாக விழுங்கிப் பேசினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இழுத்துக் கூப்பிட்டால், அல்லது அந்த ஒரு சொல் மட்டும் தனியாக வந்தால், மொழி தெரியாதவர்கூட "அவள் அப்படிச் சொல்லவில்லையே" என்று பிடித்துவிடுவார்.

கோடைமழை | மார்ச் 7, இரவு 11.30

புதிய வரைவைப் படமே பார்த்திராத மூன்று பேருக்குத் தனித்தனியாகக் காட்டினேன். மூவரும் மூன்று விதம்.

ஒருவர் கனடாக்காரர். தம்பியின் வரிக்குச் சிரித்தார். காபி வரி வந்ததும் "ஓ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நான் எதிர்பார்த்தது இதுதான்.

இரண்டாமவர் தெலுங்கு பேசுகிறவர். அவருக்கு சப்டைட்டிலே தேவைப்படவில்லை. அங்கே அத்தை மகன் பாவ, அண்ணன் அன்ன. "அண்ணே" காதில் விழுந்ததுமே நிமிர்ந்துவிட்டார், எழுத்து அதற்குப் பிறகுதான் வந்தது.

மூன்றாமவர் இந்தி பேசுகிறவர். அவரிடம்தான் பாடம் கற்றேன். அவர்கள் வீட்டில் அத்தை மகனும் அண்ணன்தான், "பையா" என்றுதான் கூப்பிடுவார்களாம். அப்பத்தா "ஃபர்ஸ்ட் க்ளெய்ம்" என்றபோதே அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. காபி வரியில் செல்வி பிரதர் என்றதும், "அப்பாடா, ஒருத்தியாவது சரியாகக் கூப்பிட்டாள்" என்று நினைத்தாராம்! மறுப்பு அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் பார்த்த படம் வேறு.

வரிக்குவரி | மார்ச் 8, காலை 7.00

இந்த மூன்றாமவரை சப்டைட்டிலால் எட்ட முடியாது. அத்தை மகனைக் கட்டுவது தவறு என்று வளர்ந்தவருக்கு அது தவறில்லாத வீடு ஒன்று இருக்கிறது என்பதைப் படம்தான் காட்ட வேண்டும். இரண்டு வரி எழுத்து அதைச் செய்யாது. "அவர்கள் வழக்கப்படி" என்கிற தொனி அப்பத்தாவின் வரியிலேயே வந்தால் கொஞ்சம் உதவும்.

யாழ்நிலா | மார்ச் 8, காலை 9.45

அப்பத்தாவின் அந்த வரிதான் எனக்கும் உறுத்துகிறது. "க்ளெய்ம்" என்றால் நிலத்துக்குப் பட்டா வைத்திருக்கிறவன் பேசுவது மாதிரி. அப்பத்தா பேத்தியை எழுதிக்கொடுக்கவில்லை, ஆசையாகச் சொல்கிறா. அந்தச் சொல்லால் அவ வில்லியாகிவிடுகிறா, பிறகு செல்வி போராளியாகிவிடுகிறாள். இப்படிப் பாருங்கோ:

```
By custom, he's the groom.
Why look outside the family?
```

54 எழுத்துதான். இந்தி நண்பருக்கும் வழக்கம் என்பது தெரிந்துவிடும்.

வரிக்குவரி | மார்ச் 8, காலை 10.20

தொனி உங்களுடையதில் நன்றாக இருக்கிறது. ஆனால் "அத்தை மகன்" போய்விட்டது. அவன் யார் என்பது வேறு எங்காவது வந்தால் இதையே எடுத்துக்கொள்ளலாம். முத்துவின் அம்மாவை செல்வி "அத்தை" என்று கூப்பிடுகிற இடம் இதற்கு முன்னால் இருக்கிறதா?

கோடைமழை | மார்ச் 8, காலை 10.50

2-ஆம் நிமிடத்தில் இருக்கிறது. "அத்தை, உள்ள வாங்க." அங்கே ஆன்ட்டி என்று போட்டிருக்கிறேன். முத்துவும் கூடவே வருகிறான், அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே. அப்படியானால் யாழ்நிலாவின் வரி நிற்கும்.

அடுத்த சிக்கலையும் கொட்டிவிடுகிறேன். 14-ஆம் நிமிடம், கொல்லைப்புறம். அதுவரை முத்து அவளிடம் "ஏய், உள்ள போ" என்று பேசுகிறவன். அன்று அவள் ஏதோ சொல்ல வருகிறாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீங்க உள்ள போங்க" என்கிறான். மரியாதை கூடிவிட்டது, அதுதான் வலி. ஆங்கிலத்தில் கூட்ட என்ன இருக்கிறது?

டப்பிங்பையன் | மார்ச் 8, மதியம் 12.15

இதுதான் நான் முதலில் சொன்னது, தலைகீழாக! நாங்கள் ஆங்கிலத்தில் "நீ"க்கு மாறும் வரியைத் தேடும்போது என்ன அடையாளத்தைப் பார்க்கிறோம் தெரியுமா? செல்லப் பெயர் வருகிறதா, வாக்கியம் சுருங்குகிறதா, பிளீஸ் போய்விடுகிறதா. நீங்கள் அதையெல்லாம் திருப்பிப் போடுங்கள். முதலில் சுருக்கமாக, முரட்டுத்தனமாக எழுதுங்கள். கொல்லைப்புறத்தில் முழு வாக்கியம், பிளீஸ் சேர்த்து.

வரிக்குவரி | மார்ச் 8, மதியம் 12.40

டப்பிங்பையன் சொன்ன வழிதான். இறங்கின குரலை முன்னாலேயே கட்டி வைத்தால்தான் பின்னால் ஏறுவது தெரியும். முன்னால் வரும் எல்லா "ஏய், வா, போ"வையும் இப்படிக் கறாராக எழுதுங்கள்:

```
Hey. Get in.
```

14-ஆம் நிமிடத்தில் எனக்கு இரண்டு தோன்றுகிறது:

```
Please go inside.
```

```
You may go in now.
```

இரண்டாவதில் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. முதலாவது பாதுகாப்பு. செல்வி என்று பெயரைச் சேர்த்துக் கூட்டப் பார்க்காதீர்கள், அவன் பெயரைச் சொல்லவில்லை, அந்தக் காட்சி அமைதியானது, காதுக்குத் தெரிந்துவிடும். "மிஸ்", "மேடம்" பக்கமும் போக வேண்டாம், அது கிண்டலாகிவிடும். அவன் கிண்டல் செய்யவில்லை.

யாழ்நிலா | மார்ச் 8, மாலை 5.30

"நீங்க" என்றால் தூரம் என்று ஒரு விதியாக எடுத்துக்கொண்டு போகாதேங்கோ. எங்கட வீட்டில் அம்மா எங்களைச் சின்னனிலிருந்தே "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்றுதான் கூப்பிடுவா. அதில் செல்லம்தான் இருக்கு. கோபம் வந்தால்தான் "நீ". நான் ஒரு யாழ்ப்பாணக் கதைக்கு சப்டைட்டில் செய்தபோது எனக்கு முன்னால் செய்தவர் அம்மாவின் வரிகளுக்கெல்லாம் பிளீஸ் போட்டு வைத்திருந்தார். அந்த அம்மா விருந்தாளிகளிடம் பேசுவது மாதிரி இருந்தது. எல்லாப் பிளீஸையும் எடுத்துவிட்டு "கண்ணா" இருக்கிற இடத்தில் மட்டும் ஸ்வீட்ஹார்ட் விட்டேன். அம்மா திரும்ப வந்துவிட்டா.

அதோடு எங்களிடம் மூன்றாவது படி ஒன்று இருக்கு, "நீர்". மாமனார் மருமகனிடம், சரிசமமான நண்பர்கள் தங்களுக்குள், "நீர் வாரும்" என்பார்கள். "நீ"க்கு மேலே, "நீங்கள்" என்பதற்குக் கீழே. அதை எங்கே வைப்பது என்பதற்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

வரிக்குவரி | மார்ச் 8, மாலை 6.15

பெரிய உதவி இது. நான் சொன்னது முத்துவுக்கு மட்டும்தான் பொருந்தும். படிவம் எது என்பது முக்கியமில்லை, அந்த ஆள் அந்த ஆளிடம் வழக்கமாகப் பேசுவதிலிருந்து எங்கே விலகுகிறார் என்பதைத்தான் பிடிக்க வேண்டும். உங்கள் அம்மா "நீ" என்று கோபப்படுகிற வரியில்தான் நீங்கள் ஆங்கிலத்தை மாற்ற வேண்டும், மற்ற இடமெல்லாம் சாதாரணமாகவே போகட்டும்.

நீருக்கு நான் ஒன்றும் செய்ய மாட்டேன். படம் முழுக்க மாமனார் நீர் என்றே பேசினால் அது அவருடைய குரல், அவ்வளவுதான். நடுவில் எங்காவது மாறினால் அப்போது பார்ப்போம்.

ஓரக்கண் | மார்ச் 9, காலை 8.00

உறவை விட்டு ஒரு கேள்வி. அப்பத்தா "அவளுக்குப் பிடிக்கலையாம்" என்கிறாரா எங்காவது? எனக்கு "ஆம்" வந்தாலே கை நின்றுவிடும். "இட் சீம்ஸ்" போடலாம் என்பார்கள்.

கோடைமழை | மார்ச் 9, காலை 8.20

அச்சு அசலாக அதே வரி, காபிக் காட்சிக்கு அடுத்து! பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்கிறார்.

வரிக்குவரி | மார்ச் 9, காலை 9.10

"இட் சீம்ஸ்" நம் ஊர் ஆங்கிலத்தில் சரியாக உட்காரும். வெளியே அதைப் படிக்கிறவருக்கு அப்பத்தா சந்தேகப்படுவதாகப் படும், "பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று. அப்பத்தாவுக்குச் சந்தேகமே இல்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார், அதில் பாதி ஆற்றாமை. என்றால்:

```
Doesn't like him, she says!
```

"ஷீ செஸ்" கடைசியில் வருவதால் தமிழில் "ஆம்" விழுகிற இடத்திலேயே விழுகிறது. எல்லா "ஆம்"முக்கும் இது ஒத்துவராது. ஊர்வதந்தியாக இருந்தால் "தே சே" வேண்டும்.

கோடைமழை | மார்ச் 10, இரவு 10.05

இன்று இயக்குநரோடு உட்கார்ந்தேன். யாழ்நிலாவின் அப்பத்தா வரி ஏற்றுக்கொள்ளப்பட்டது. கொல்லைப்புறத்துக்கு அவர் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். இரண்டாவதைப் படித்தால் முத்து ஜமீன்தார் மாதிரி இருக்கிறானாம், அவன் உடைந்துபோய் நிற்கிறவன். எனக்கு இன்னமும் இரண்டாவதில்தான் மனசு. நடிகர் அந்த வரியை இறுக்கிப் பிடித்துப் பேசுகிறார், பிளீஸ் அதை இளக்கிவிடுகிறது. ஒருநாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

இந்தப் படம் ஒரு விழாவுக்குப் போகிறது. அவர்கள் இந்த ஆங்கிலக் கோப்பிலிருந்து பிரெஞ்சும் கொரியனும் செய்வார்களாம். அதற்கு என்ன செய்து தரணும்?

வரிக்குவரி | மார்ச் 10, இரவு 10.40

அப்படியென்றால் வேலை இன்னும் முடியவில்லை. பிரெஞ்சில் "நீ, நீங்க" இரண்டுக்கும் தனிச்சொல் இருக்கிறது. கொரியனில் வயதுக்கும் உறவுக்கும் ஏற்ற விளிகள் உண்டு, வினைமுற்றிலேயே மரியாதை வரும். நாம் ஆங்கிலத்தில் விட்டுவிட்டதை அவர்கள் திரும்ப எடுத்துவைக்க முடியும், ஆனால் அவர்கள் கையில் இருப்பது வெறும் "யூ". முத்து எந்த வரியில் மாறினான் என்பது அதில் தெரியாது. அவர்களாக ஊகித்து இவர்கள் இருவருக்கிடையில் முதலிலிருந்தே "நீங்க"வுக்கான "வூ" என்று போட்டுவிட்டால் 14-ஆம் நிமிடம் செத்துவிடும்.

அதனால் கோப்போடு ஒரு குறிப்புத் தாள் அனுப்புங்கள். யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார், எந்த எண்ணுள்ள சப்டைட்டிலில் மாறுகிறது. பெரிதாக வேண்டாம், இந்த அளவு போதும்:

```
#112 "brother": first use. Until here Athaan,
a cousin she may marry. This word refuses him.
#139 "you": formal, cold. Before this: intimate.
```

கொரியக்காரருக்கு இன்னொரு எச்சரிக்கையும் எழுதுங்கள். அத்தானை அவர்கள் ஓப்பா என்று மாற்ற நினைக்கலாம். அது அண்ணனுக்கும் வரும், காதலனுக்கும் வரும். முதலிலேயே ஓப்பா என்று போட்டுவிட்டால் காபித் தட்டில் வைக்க அவர்களிடம் வேறு சொல் இருக்காது.

ஓரக்கண் | மார்ச் 10, இரவு 11.15

அப்படியானால் ஆங்கிலத்திலும் அத்தானை ரோமனில் விட்டது கொரியக்காரருக்கும் நல்லதாகிறது. ஆனால் பிரதரை ஆங்கிலத்தில் வைத்ததை நான் இன்னும் ஏற்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

யாழ்நிலா | மார்ச் 11, காலை 7.30

கோடைமழை, குறிப்புத் தாளில் அப்பத்தா செல்வியை "ஆத்தா" என்று கூப்பிடுகிற இடம் இருந்தால் அதையும் எழுதிவிடுங்கோ. பேத்தியை "ஆத்தா" என்றால் பிரெஞ்சுக்காரர் அம்மா என்று எடுத்துக்கொண்டு இரண்டு தலைமுறையைக் குழப்பிவிடுவார்.

கோடைமழை | மார்ச் 11, காலை 7.55

இருக்கிறது, நான்கு இடத்தில். இப்போதே சேர்க்கிறேன்.